கூட்டுத்தொகைக் கட்டம் தன்னையே கூட்டிக்கொள்ளும்போது: எக்செலின் சுழற்சி எச்சரிக்கையை அறிகுறி பார்த்து நீக்கும் முறை

தைப்பூசத்திற்கு மூன்று நாள் முன்பு, தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் போடும் எங்கள் தெருக் குழுவின் பொருளாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, எல்லாச் செலவையும் போட்டுட்டேன், கடைசியில பூஜ்யம்னு காட்டுது, ராத்திரி கூட்டத்துல நான் எதைப் படிக்கிறது?" என்று கேட்டார். கணக்குத் தாளில் செலவுகள் அனைத்தும் சரியாகவே இருந்தன. கூட்டுத்தொகை இருந்த கட்டம், தான் கூட்டும் கட்டங்களின் தொகுப்பான வீச்சுக்குள் தானும் உட்கார்ந்திருந்தது என்பதே கோளாறு. எக்செலில் இதற்குச் சுழற்சிக் குறிப்பு என்று பெயர். திரையில் Circular References என்று தெரியும். இந்த ஒரே தவறு நான்கைந்து வெவ்வேறு முகங்களோடு வெளிப்படுவதால், உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே கீழே விளக்குகிறேன்.

விளக்கத்திற்கு அக்காவின் தாளையே எடுத்துக்கொள்வோம். A நெடுவரிசையில் தேதியும், B-இல் செலவின் பெயரும், C-இல் யாரிடம் கொடுத்தது என்பதும், D-இல் மலேசிய வெள்ளிக் கணக்கில் தொகையும் இருந்தன. முதல் வரிசை தலைப்பு. D2 முதல் D9 வரை எட்டுச் செலவுகள்: கூடாரமும் மேசையும் வாடகை 1,450.00, பனிக்கட்டி 320.00, ரோஸ் சிரப்பும் சீனியும் 285.50, மோருக்குத் தயிர் 412.00, அரிசி பருப்பு காய்கறி 1,186.30, கொண்டைக்கடலை 164.20, காகிதக் குவளையும் தட்டும் 538.00, ஜெனரேட்டர் 600.00. இவற்றின் கூட்டுத்தொகை 4,956.00 வெள்ளி. அது D10-இல் இருந்தது.

அறிகுறி: Enter தட்டியதும் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது, கட்டத்தில் 0 நிற்கிறது

குப்பை அள்ளும் லாரிக்கு 180 வெள்ளி கொடுக்க வேண்டும் என்பது கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அக்கா கூட்டுத்தொகை வரிசைக்கு மேலே ஒரு புதிய வரிசையைச் செருகினார். கூட்டுத்தொகை D11-க்கு இறங்கியது. ஆனால் அதனுள் இருந்த சூத்திரம் `=SUM(D2:D9)` என்றே நின்றது, ஏனென்றால் புதிய வரிசை வீச்சின் கடைசிக் கட்டத்திற்கு வெளியே செருகப்பட்டது. சில நேரங்களில் எக்செல் தானாகவே வீச்சை நீட்டிவிடும், சில நேரங்களில் நீட்டாது. அதை நம்பி இருக்க முடியாது. லாரிச் செலவு கூட்டில் சேரவில்லை என்று கண்ட அக்கா, வீச்சைத் தானே கீழே இழுத்தார். ஒரு கட்டம் இழுத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டம் இழுத்துவிட்டார்.

```
D11:  =SUM(D2:D11)
```

Enter தட்டியவுடன் வந்த பெட்டியின் முதல் வாக்கியம் இது:

```
There are one or more circular references where a formula
refers to its own cell either directly or indirectly.
```

அதாவது, D11-இன் மதிப்பைக் கண்டுபிடிக்க D11-இன் மதிப்பு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று சூத்திரம் கேட்கிறது. எக்செல் அந்தக் கணக்கைத் தொடங்கவே இல்லை, அதனால்தான் 0. செலவுகள் பூஜ்யம் என்று அதற்குப் பொருள் இல்லை, கணக்குப் போடவில்லை என்றுதான் பொருள். பெட்டியில் OK தட்டினால் சூத்திரம் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும். பலரும் OK என்றால் எக்செலே சரிசெய்துவிடும் என்று எண்ணிக் கோப்பைச் சேமித்து வாட்ஸ்அப்பில் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கணினியில் அதைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அதே பெட்டி வருகிறது.

சரிசெய்வது எளிது. கூட்டுத்தொகைக் கட்டத்தில் நின்று F2 தட்டுங்கள். சூத்திரத்தில் உள்ள வீச்சைச் சுற்றி வண்ணக் கோடு ஒன்று தோன்றும். அந்தக் கோட்டுப் பெட்டியின் அடிவிளிம்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள்: நீங்கள் நிற்கும் கட்டமும் கோட்டுக்குள் அடங்கியிருந்தால் கோளாறு அதுவேதான். கோட்டின் கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைச் சுட்டியால் பிடித்து ஒரு கட்டம் மேலே தள்ளினாலும் சரி, சூத்திரத்தில் 11 என்பதை அழித்து 10 என்று தட்டினாலும் சரி, முடிவு ஒன்றே.

```
D11:  =SUM(D2:D10)
```

அக்காவின் தாளில் உடனே 5,136.00 வந்தது. சரிபார்க்க, D2 முதல் D10 வரை சுட்டியால் தேர்ந்தெடுத்து, திரையின் அடிப்பட்டையில் Sum என்பதற்கு எதிரே என்ன எண் தெரிகிறது என்று பாருங்கள். அந்த எண் எந்தச் சூத்திரத்தையும் சாராதது. அதுவும் கூட்டுத்தொகைக் கட்டமும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

நெடுவரிசை முழுவதையும் கூட்டும் `=SUM(D:D)` என்ற சூத்திரத்தை அதே D நெடுவரிசையில் எங்கே எழுதினாலும் இதே எச்சரிக்கை வரும். அப்படி முழு நெடுவரிசையையும் கூட்ட விரும்புகிறவர்கள் அந்தச் சூத்திரத்தை F1 போன்ற வேறு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம். தலைப்பு எழுத்தாக இருப்பதால் SUM அதைக் கண்டுகொள்ளாது.

அறிகுறி: எச்சரிக்கை வந்தது, ஆனால் எந்தக் கட்டம் என்று தெரியவில்லை

வேறொருவர் தயாரித்த கோப்பைத் திறக்கும்போதுதான் பெரும்பாலும் இப்படி நேரும். பெட்டி கட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. OK தட்டிவிட்டுத் திரையின் அடிப்பட்டையின் இடப்பக்கத்தைப் பாருங்கள். சுழற்சி நீங்கள் நிற்கும் தாளிலேயே இருந்தால், Circular References: D11 என்பது போலக் கட்டத்தின் முகவரியோடு தெரியும். முகவரி இல்லாமல் Circular References என்று மட்டும் தெரிந்தால், சுழற்சி வேறு தாளில் இருக்கிறது. தாள்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், எந்தத் தாளில் முகவரி தோன்றுகிறதோ அந்தத் தாள்தான்.

தாள்கள் நிறைய இருந்தால் வேறு வழி உண்டு. மேலே Formulas தாவலைத் திறந்து, Error Checking என்பதன் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியைத் தட்டி, Circular References மீது சுட்டியை நிறுத்தினால் முகவரி தெரியும். அதைத் தட்டினால் அந்தக் கட்டத்திற்கே கொண்டுபோய் நிறுத்தும். அதைச் சரிசெய்த பிறகும் அடிப்பட்டையில் சொல் மறையவில்லை என்றால், கோப்பில் இன்னொரு சுழற்சி இருக்கிறது. சொல் முழுவதுமாக மறையும் வரை அதே வழியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைப் பெட்டி ஒவ்வொரு முறையும் வருவதில்லை. திறந்திருக்கும் கோப்புகளில் ஏற்கெனவே ஒரு சுழற்சி இருக்கும்போது நீங்கள் இரண்டாவதாக ஒன்றை உண்டாக்கினால், பல வேளைகளில் எக்செல் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். பெட்டி வரவில்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாமல், அடிப்பட்டையைப் பார்ப்பதே நல்லது.

அறிகுறி: 0 இல்லை, பழைய கூட்டுத்தொகை அசையாமல் நிற்கிறது

0 தெரிந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். முன்பு ஒழுங்காகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த கட்டம் பிறகு சுழற்சியில் சிக்கிக்கொண்டால், சில வேளைகளில் எக்செல் கடைசியாகச் சரியாகக் கணக்கிட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு உண்மையான தொகை போலவே இருக்கும், ஆனால் மேலே எந்தச் செலவை மாற்றினாலும் அது மாறாது. ஐயம் வந்தால் ஏதாவது ஒரு செலவில் 1,000 கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 1,000 உயரவில்லை என்றால் அடிப்பட்டையில் Circular References இருக்கிறதா என்று பார்த்து, மேலே சொன்ன வழியில் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். சோதனைக்குப் பின் Ctrl+Z தட்டிச் செலவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்து மறந்து, ஆயிரம் வெள்ளியைத் தேடிய அனுபவம் எனக்கே உண்டு.

அறிகுறி: எச்சரிக்கையே வரவில்லை, ஆனால் தொகை கண்டபடி பெருத்திருக்கிறது

இதுவே எல்லாவற்றிலும் மோசமானது என்பது என் கருத்து. எச்சரிக்கை வராமல் இருப்பதற்குக் காரணம், எக்செலில் மறுசுற்றுக் கணக்கு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதுதான். அது இயங்கும்போது, சுழற்சியைக் கண்டால் எக்செல் நின்றுவிடாமல், கிடைத்த விடையைத் திரும்பவும் உள்ளே கொடுத்து மறுபடி கணக்கிடும். மாற்றாமல் விட்டால் அதிகபட்சம் 100 சுற்றுகள் வரை அப்படிச் செய்யும். அதற்குள் அடுத்தடுத்த விடைகளுக்கு இடையேயான மாற்றம் 0.001-க்கும் குறைந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளும்.

தன்னையே கூட்டிக்கொள்ளும் கட்டத்தில் அந்த மாற்றம் ஒருபோதும் குறையாது. லாரிச் செலவு சேரும் முன்பிருந்த எட்டுச் செலவுகளையே வைத்துப் பார்ப்போம். காலியாக இருந்த D10-இல் `=SUM(D2:D10)` என்று எழுதுகிறீர்கள். முதல் சுற்றில் D10 பூஜ்யம், ஆகவே விடை 4,956.00. இரண்டாம் சுற்றில் D10-இல் 4,956.00 இருக்கிறது, அதுவும் வீச்சுக்குள் இருப்பதால் விடை 9,912.00. இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் 4,956 ஏறிக்கொண்டே போய், நூறாவது சுற்றில் 495,600.00 என்று நிற்கும். பந்தல் செலவு கிட்டத்தட்ட ஐந்து லட்சம் வெள்ளி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் எண்கள் சிறியவையாகவும் தாள் பெரியதாகவும் இருந்தால் கண்ணில் படாமலே போய்விடும். F9 தட்டிப் பாருங்கள். தொகை 991,200.00 என்று மறுபடி ஏறினால் இது இதே கோளாறுதான். ஒழுங்கான கூட்டுத்தொகை F9 தட்டினால் மாறாது.

"நான் அந்த அமைப்பைத் தொட்டதே இல்லையே" என்று பலர் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். இந்த அமைப்பு கோப்போடு சேர்ந்து சேமிக்கப்படுகிறது, ஆனால் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்தே செயல்படுகிறது; எக்செலைத் தொடங்கியதும் முதலில் திறக்கும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதையே பிறகு திறப்பவையும் பின்பற்றும். காலையில் உங்கள் அண்ணன் அனுப்பிய கார்க் கடன் கணக்கை முதலில் திறந்து, அதில் இது இயக்கப்பட்டிருந்தால், பிறகு திறக்கும் பந்தல் கணக்கிலும் எச்சரிக்கை அடங்கிப்போகும். நேற்று எச்சரித்த கோப்பு இன்று அமைதியாக இருப்பதற்கும் இதுவே விளக்கம்.

நிறுத்துவதற்கு File, Options, Formulas என்று போய், Enable iterative calculation என்பதன் எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டு OK தட்டுங்கள். எச்சரிக்கை வந்தால் அதை வரவேற்றுக்கொள்ளுங்கள். பிறகு முதல் அறிகுறியில் சொன்னபடி வீச்சைச் சுருக்கினால் போதும். எச்சரிக்கையை அடக்குவதற்காக இந்த அமைப்பை இயக்கிவிடச் சொல்லும் யோசனையைச் சிலர் நல்லெண்ணத்தோடு தருவார்கள். கூட்டுத்தொகைக் கட்டத்தைப் பொறுத்தவரை அது ஒருபோதும் தீர்வாகாது.

அறிகுறி: கூட்டுத்தொகையின் வீச்சு சரியாகவே இருக்கிறது, ஆனாலும் எச்சரிக்கை வருகிறது

அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டுத் தாளில் இதைக் கண்டேன். எட்டுச் செலவுகளுக்குக் கீழே, எதிர்பாராச் செலவுக்கு ஐந்து விழுக்காடு ஒதுக்கலாம் என்று குழு முடிவு செய்திருந்தது. அக்கா இப்படி எழுதியிருந்தார்.

```
D10:  =D11*5%
D11:  =SUM(D2:D10)
```

D11-இன் வீச்சு D10-இல் முடிகிறது, தன்னைக் கூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் D10, D11-ஐக் கேட்கிறது; D11, D10-ஐக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை இன்னொரு கட்டத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு தன் வீச்சுக்குள் வந்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் இரண்டு சூத்திரங்களிலும் குறை தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் கூட்டுத்தொகைக் கட்டத்தில் நின்று, Formulas தாவலில் Trace Precedents என்பதைத் தட்டுங்கள். அந்தக் கட்டத்திற்கு எங்கிருந்தெல்லாம் எண்கள் வருகின்றன என்று அம்புகள் காட்டும். இன்னொரு முறை தட்டினால் அவற்றுக்கு எங்கிருந்து வருகின்றன என்று காட்டும். அம்பு ஒன்று கூட்டுத்தொகையிலேயே தொடங்கினால் சுழற்சி அங்கே இருக்கிறது. அம்புகளை அழிக்க Remove Arrows உண்டு.

இதை நீக்கும் முன், எதற்கு ஐந்து விழுக்காடு என்று குழுவிடம் கேட்க வேண்டும். இது எக்செல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. எட்டுச் செலவுகளின் மீது ஐந்து விழுக்காடு என்றால், முதலில் அவற்றை மட்டும் கூட்டி, அதன்மேல் விழுக்காட்டைக் கணக்கிட்டு, பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும்.

```
D10:  =SUM(D2:D9)
D11:  =D10*5%
D12:  =D10+D11
```

D10-இல் 4,956.00, D11-இல் 247.80, D12-இல் 5,203.80 வரும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலுள்ளதை மட்டுமே பார்க்கிறது. D12-இல் SUM எழுதி மேலுள்ள அனைத்தையும் கூட்டிவிடக் கூடாது. எட்டுச் செலவுகளும் D10 வழியாக இரண்டு முறை ஏறிவிடும், அதற்கு எச்சரிக்கையும் வராது.

மொத்தத் தொகையிலேயே ஐந்து விழுக்காடு எதிர்பாராச் செலவாக இருக்க வேண்டும் என்று குழு சொன்னால், கணக்கு வேறு. மொத்தத்தில் மீதி 95 விழுக்காடுதான் இந்த 4,956 வெள்ளி. ஆகவே மொத்தத்தை முதலில் வகுத்து எடுக்கலாம்.

```
D10:  =SUM(D2:D9)
D11:  =D12-D10
D12:  =D10/(1-5%)
```

மொத்தம் 5,216.84, ஒதுக்கீடு 260.84. D11 தனக்குக் கீழே உள்ள D12-ஐப் பார்க்கிறதே என்று தயங்க வேண்டாம். D12 திரும்ப D11-ஐக் கேட்கவில்லை, அதனால் சுழற்சி இல்லை. மறுசுற்றுக் கணக்கை இயக்கி, அக்கா முதலில் எழுதிய சூத்திரங்களை அப்படியே விட்டிருந்தாலும் இந்த 5,216.84-க்கே வந்து சேர்ந்திருக்கும். ஏனென்றால் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் சேர்வது முந்தையதில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொண்டே போகிறது. தன்னையே முழுதாகக் கூட்டிக்கொள்ளும் கட்டத்தில் அப்படிச் சுருங்குவது இல்லை. இருந்தாலும், ஒரு வகுத்தலில் முடிகிற விஷயத்துக்குக் கோப்பு முழுவதன் எச்சரிக்கையையும் அணைத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: சரிசெய்தாகிவிட்டது, ஆனால் புதிய செலவு சேர்க்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது

கூட்டுத்தொகையை ஒட்டியே புதிய வரிசையைச் செருகி, வீச்சைக் கையால் இழுக்கும் வரை இது திரும்பத் திரும்ப வரும். எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. கடைசிச் செலவுக்கும் கூட்டுத்தொகைக்கும் நடுவில் ஒரு காலி வரிசையை விட்டு, அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்து, அதையும் வீச்சுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். D9 வரை செலவு, D10 சாம்பல் வரிசை, D11-இல் `=SUM(D2:D10)`. புதிய செலவு வந்தால் சாம்பல் வரிசையின் எண்ணில் வலப்பக்கச் சுட்டியைத் தட்டி Insert செய்யுங்கள். புதிய வரிசை வீச்சின் நடுவே செருகப்படுவதால் சூத்திரம் தானாகவே `=SUM(D2:D11)` என்று நீளும். கூட்டுத்தொகையும் D12-க்கு இறங்கிவிடும். இழுக்க வேண்டியதே இல்லை. காலிக் கட்டம் கூட்டில் எதையும் சேர்க்காது. அந்த வரிசையின் B கட்டத்தில் "புதிய செலவை இதற்கு மேல் சேர்க்கவும்" என்று எழுதி வைத்தால், அடுத்த பொருளாளருக்கும் புரியும்.

ஆண்டு முழுவதும் வளரும் கணக்காக இருந்தால் அட்டவணையாக மாற்றிவிடலாம். முதலில் பழைய கூட்டுத்தொகை வரிசையை நீக்குங்கள். இதைத் தவறவிட்டால் அதுவும் ஒரு செலவாக அட்டவணைக்குள் போய்விடும். பிறகு செலவுகளுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று Ctrl+T தட்டி, My table has headers என்பதில் குறி இருப்பதை உறுதிசெய்து OK தட்டுங்கள். அதன்பின் Ctrl+Shift+T தட்டினால் அடியில் கூட்டுத்தொகை வரிசை தோன்றும். D-இன் தலைப்பு தொகை என்று இருந்தால் அங்கே இருக்கும் சூத்திரம் இது:

```
=SUBTOTAL(109,[தொகை])
```

சதுர அடைப்புக்குள் இருக்கும் பெயர் செலவு வரிசைகளை மட்டுமே குறிக்கும், கூட்டுத்தொகை வரிசை அதில் அடங்காது. ஆகவே தன்னைத் தானே கூட்டிக்கொள்ள இங்கே வழியில்லை. கடைசிச் செலவின் கடைசிக் கட்டத்தில் நின்று Tab தட்டினால் புதிய வரிசை திறக்கும், தொகையும் தானாகச் சேரும். ஆனால் 109 என்ற எண் மறைத்து வைத்த வரிசைகளையும் வடிகட்டி விலக்கிய வரிசைகளையும் கூட்டாது. யாராவது பனிக்கட்டிச் செலவை மட்டும் வடிகட்டிப் பார்த்துவிட்டு அப்படியே சேமித்தால், அடுத்தவர் திறக்கும்போது மொத்தம் 320.00 என்றுதான் தெரியும். வடிகட்டியை நீக்கினால் முழுத்தொகை திரும்பிவிடும்.

எக்செல் அல்லாத இடங்களில் முகம் மட்டும் மாறும். கூகுள் ஷீட்ஸில் கட்டத்துக்குள் `#REF!` என்று வந்து, அதன்மேல் சுட்டியை வைத்தால் Circular dependency detected என்று சொல்லும். லிப்ரேஆஃபிஸில் `Err:522` என்று நிற்கும். இரண்டிலும் கூட்டும் வீச்சைக் கூட்டுத்தொகைக்கு ஒரு கட்டம் முன்பாகவே நிறுத்துவதுதான் செய்ய வேண்டிய வேலை.